4/5 வர வேண்டிய இடத்தில் வேறு எண் வந்தால்: உட்படு சார்பின் தொடுகோட்டுச் சாய்வில் பிழை தேடுவது எப்படி

உட்படு சார்பை வகையிட்டுச் சாய்வு காணும் கணக்கில் விடை தப்பினால், பெரும்பாலானவர்கள் தாளைத் திருப்பிப் போட்டு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். பழகிய கை பழைய இடத்திலேயே மறுபடி இடறும். அதைவிட, வந்த தப்பான எண்ணையே உற்றுப் பார்ப்பது நல்லது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு வகைப் பிழையும் தனக்கென்று ஓர் எண்ணைத் தருகிறது. எண்ணைப் பார்த்தாலே எந்த வரியில் என்ன விட்டுப்போனது என்று சொல்லிவிடலாம்.

அதற்காக ஒரே வளைவு, ஒரே புள்ளி எடுத்துக்கொள்வோம்.

x³ + y³ = 6xy, புள்ளி (4/3, 8/3)

இது டெக்கார்ட்டின் இலை என்று பெயர் பெற்ற வளைவு. 1638-இல் டெக்கார்ட் இந்த வளைவைக் காட்டி, இதற்குத் தொடுகோடு கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று ஃபெர்மாவுக்குச் சவால் விட்டார். ஃபெர்மா கண்டுபிடித்துவிட்டார். வளைவின் உருவம் இப்படி: முதல் கால்பகுதியில் இலை போல ஒரு மடிப்பு, அந்த மடிப்பு ஆதிப்புள்ளியில் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வால் நீட்டிப் போகிறது.

கணக்கில் இறங்கும் முன், புள்ளி வளைவின் மேல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். 64/27 + 512/27 = 576/27 = 64/3. மறுபக்கம் 6 × 4/3 × 8/3 = 64/3. சரி, இருக்கிறது. இந்த ஒரு வரியைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குப் பின்னால் தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறேன்.

## சரியாகப் போனால் எப்படிப் போகும்

இரண்டு பக்கத்தையும் x-ஐப் பொறுத்து வகையிடுகிறோம். dy/dx என்பதை y′ என்று சுருக்கி எழுதுகிறேன்.

3x² + 3y²·y′ = 6y + 6x·y′

கேட்டது ஒரு புள்ளியில் சாய்வு மட்டும் என்றால், இங்கேயே எண்களைப் போட்டுவிடுங்கள். y′-ஐ எழுத்துகளோடு தனிமைப்படுத்திவிட்டுப் பிறகுதான் எண்களைப் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. எழுத்துகளை இடம் மாற்றும்போதுதான் குறிகள் அதிகம் தொலைகின்றன.

16/3 + (64/3)·y′ = 16 + 8·y′

(40/3)·y′ = 32/3

y′ = 4/5

பொதுச் சூத்திரம் தேவைப்பட்டால்:

y′ = (2y − x²) / (y² − 2x)

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எண்களைப் போடுவது வகையிட்ட பிறகுதான். வகையிடும் முன்பே x = 4/3, y = 8/3 என்று போட்டால் இரண்டு பக்கமும் வெறும் மாறிலி ஆகிவிடும். பிறகு வகையிட்டால் 0 = 0 என்றுதான் வரும். உங்கள் தாளில் y′ எங்குமே தோன்றாமல் 0 = 0 வந்து நின்றால், நடந்தது இதுதான்.

## விடையை விடைத்தாள் இல்லாமலே சோதிப்பது

நோயைத் தேடும் முன் நோய் இருக்கிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது, பக்கத்துப் புள்ளிச் சோதனை. தொடுகோட்டின் மேல் சிறிது தூரம் நகர்ந்து, அங்கே வளைவின் சமன்பாடு ஏறக்குறைய நிறைவேறுகிறதா என்று பாருங்கள். x = 1.35 என்று எடுத்தால், 4/3-லிருந்து 1/60 நகர்ந்திருக்கிறோம். சாய்வு 4/5 என்றால் y = 8/3 + 4/5 × 1/60 = 2.68. இப்போது x³ + y³ = 21.7092, 6xy = 21.7080. வித்தியாசம் 0.0012 மட்டுமே.

சிறியதாக இருப்பது மட்டும் போதாது. எப்படிச் சிறியதாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. x = 1.34 எடுத்தால் நகர்வு முன்பைவிட ஐந்தில் இரண்டு பங்கு. y = 2.672, வித்தியாசம் 0.0002. நகர்வு 0.4 மடங்காகச் சுருங்கியபோது வித்தியாசம் அதன் வர்க்கமான 0.16 மடங்காகச் சுருங்கிவிட்டது. சரியான சாய்வுக்கு மட்டும்தான் இப்படி நடக்கும். சாய்வு தப்பு என்றால் வித்தியாசமும் நகர்வும் ஒரே விகிதத்தில்தான் குறையும்.

இரண்டாவது, இடமாற்றுச் சோதனை. நம் சமன்பாட்டில் x, y இரண்டையும் இடம் மாற்றினாலும் சமன்பாடு மாறுவதில்லை. வளைவு y = x என்ற கோட்டுக்குச் சமச்சீராக இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே சரியான சூத்திரத்தில் x, y-ஐ இடம் மாற்றினால் அதன் தலைகீழி வர வேண்டும். (4/3, 8/3)-இல் 4/5 என்றால் (8/3, 4/3)-இல் 5/4. சமச்சீர்க் கோட்டின் மேலேயே இருக்கும் (3, 3) என்ற புள்ளி இன்னும் வசதியானது. இலையின் நுனி அங்கேதான் இருக்கிறது. அந்த நுனியில் தொடுகோடு y = x கோட்டுக்குச் செங்குத்தாகத்தான் இருக்க முடியும், எனவே சாய்வு −1. உங்கள் சூத்திரத்தில் (3, 3) போட்டு −1 வராவிட்டால் மேலே எங்கோ பிழை இருக்கிறது.

இந்தச் சோதனை சமச்சீரான சமன்பாடுகளுக்கு மட்டும். முதல் சோதனை எல்லாவற்றுக்கும் செல்லும்.

## அறிகுறி: 4/3 வருகிறது

y³-ஐ வகையிடும்போது 3y² என்று எழுதி அங்கேயே நிறுத்திவிட்டீர்கள்.

3x² + 3y² = 6y + 6x·y′

இதிலிருந்து y′ = (x² + y² − 2y)/(2x), நம் புள்ளியில் 4/3. (3, 3)-இல் 2 வரும். −1 அல்ல, ஆகவே உடனே மாட்டிக்கொள்ளும்.

இந்தப் பிழைக்குக் காரணம் மறதி என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையான காரணம் வேறு. x³-ஐ வகையிட்டால் 3x², y³-ஐ வகையிட்டால் 3y² என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் பழக்கம்தான் காரணம். நாம் வகையிடுவது x-ஐப் பொறுத்து. x ஒரு சிறிது மாறும்போது y எவ்வளவு மாறும் என்பது நமக்கு இன்னும் தெரியாது, அதைத்தான் y′ என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம். y³-இன் மாற்றம் 3y² மடங்கு y-இன் மாற்றம். y-இன் மாற்றமோ y′ மடங்கு x-இன் மாற்றம். சங்கிலி விதி சொல்வது இவ்வளவுதான்.

கை பழகும்வரை ஒரு வேலை செய்யலாம். முதல் வரியில் y என்று எழுதாமல் y(x) என்றே எழுதுங்கள். x³ + y(x)³ = 6x·y(x). இப்போது y(x)³-ஐப் பார்க்கும்போது உள்ளே ஒரு சார்பு இருப்பது கண்ணுக்குத் தெரியும். சங்கிலி விதி தானாக நினைவுக்கு வரும்.

## அறிகுறி: 1/2, 7/8 அல்லது −8/23 வருகிறது

மூன்றும் ஒரே இடத்துக் கோளாறு: வலப்பக்கத்து 6xy. இது இரண்டு சார்புகளின் பெருக்கல். பெருக்கல் விதிப்படி இரண்டு உறுப்புகள் வர வேண்டும், அதில் ஒன்றில்தான் y′ இருக்கும்: 6y + 6x·y′.

1/2 வந்திருந்தால், வலப்பக்கத்தில் 6y மட்டும் எழுதியிருக்கிறீர்கள். y-ஐ மாறிலியாகப் பாவித்ததன் விளைவு.

−8/23 வந்திருந்தால், x-இன் வகைக்கெழு 1, y-இன் வகைக்கெழு y′, இரண்டையும் பெருக்கி 6y′ என்று எழுதியிருக்கிறீர்கள். பெருக்கலின் வகைக்கெழு வகைக்கெழுக்களின் பெருக்கல் அல்ல. x² என்பதை x·x என்று பார்த்து அதே முறையில் வகையிட்டால் 1 என்று வரும், 2x வராது. இந்தச் சின்ன உதாரணத்தை நினைவில் வைத்தால் போதும்.

7/8 கொஞ்சம் நயவஞ்சகமான எண். பெருக்கல் விதியைச் சரியாக நினைவு வைத்து இரண்டு உறுப்புகளும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இரண்டாவதில் y′ ஒட்டாமல் 6y + 6x என்று விட்டுவிட்டீர்கள். 7/8 என்பது 0.875, சரியான விடை 0.8. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தொடுவது போலவே இருக்கும். படம் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

பக்கத்துப் புள்ளிச் சோதனை ஏமாறாது. சாய்வு 7/8 என்றால் x = 1.35-இல் y = 2.68125. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 0.018, சரியான சாய்வுக்கு வந்ததைப் போலப் பதினைந்து மடங்கு. x = 1.34-க்கு வந்தால் வித்தியாசம் 0.0069. நகர்வு 0.4 மடங்கானபோது வித்தியாசமும் 0.38 மடங்குதான் ஆனது, 0.16 மடங்கு ஆகவில்லை. வித்தியாசம் சிறிதாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாமல் இரண்டாவது நகர்வையும் போட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

## அறிகுறி: 4/11 வருகிறது

வகையிட்டதில் தப்பே இல்லை. பிழை இடம் மாற்றியதில். 6x·y′ வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வரும்போது −6x·y′ ஆக வேண்டும். குறி மாறாமல் வந்தால் பகுதி 3y² + 6x ஆகிறது, சாய்வு 4/11. (3, 3)-இல் −1/5 வரும்.

எண்களை முன்பே போட்டவர்களுக்கு இந்தப் பிழை அபூர்வமாகத்தான் வரும். 8·y′-ஐ இடம் மாற்றுவது பழகிய ஒருபடிச் சமன்பாட்டு வேலை.

## அறிகுறி: −4/5 வருகிறது

எண் சரி, குறி மட்டும் தலைகீழ். இதை இடமாற்றுச் சோதனையின் முதல் பாதி பிடிக்காது என்பதுதான் இதன் தொல்லை. (x² − 2y)/(y² − 2x) என்ற தப்பான சூத்திரத்தில் x, y-ஐ இடம் மாற்றினாலும் தலைகீழியே வருகிறது. (3, 3) போட்டால்தான் −1-க்குப் பதில் +1 வந்து காட்டிக்கொடுக்கும். பக்கத்துப் புள்ளிச் சோதனையும் பிடித்துவிடும். x = 1.35-இல் வித்தியாசம் 0.35 அளவுக்குப் போய்விடும்.

இது பெரும்பாலும் பகுதி வகைக்கெழுக் குறுக்குவழியில் போகிறவர்களுக்கு வரும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து F = x³ + y³ − 6xy என்று எழுதி, y-ஐ மாறிலியாக வைத்து x-ஐப் பொறுத்து வகையிட்டால் Fx = 3x² − 6y. x-ஐ மாறிலியாக வைத்தால் Fy = 3y² − 6x. சாய்வு −Fx/Fy. முன்னால் உள்ள அந்தக் கழித்தல் குறியை விட்டால் −4/5. குறி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் விடமாட்டீர்கள்: வளைவின் மேல் நகரும்போது F மாறாமல் பூச்சியமாகவே இருக்கிறது, ஆகவே Fx + Fy·y′ = 0. Fx மறுபக்கம் போகும்போது குறி மாறுகிறது.

இதே குறுக்குவழியில் இன்னொரு கோளாறு, 6xy-ஐ ஒரே பக்கம் கொண்டுவராமல் x³ + y³ மட்டும் F என்று எடுப்பது. அப்போது −x²/y² வரும், நம் புள்ளியில் −1/4. குறுக்குவழி விரைவானதுதான், ஆனால் முழு முறையில் நான்கைந்து கணக்குப் போட்டபின் அதை எடுத்துக்கொள்வது நல்லது.

## அறிகுறி: விடையில் y இருக்கிறது, இது தப்பா?

தப்பில்லை, y இருக்கத்தான் வேண்டும். இதைப் பார்த்துப் பயந்து y-ஐ நீக்க முயன்று சிக்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

x = 4/3 என்ற நிலைக்குத்துக் கோடு நம் வளைவை மூன்று இடங்களில் வெட்டுகிறது. y³ − 8y + 64/27 = 0 என்ற சமன்பாட்டுக்கு மூன்று மூலங்கள்: 2.667, 0.300, −2.966. முதலாவது நம் 8/3. மூன்று இடங்களிலும் வளைவு வேறு வேறு சாய்வில் போகிறது: 0.8, 0.457, −1.257. x மட்டும் தெரிந்தால் எந்தச் சாய்வைச் சொல்வது? y-யும் சொன்னால்தான் எந்த இடம் என்று தெரியும். சூத்திரத்தில் y நிற்பது அதற்காக.

இந்த மூன்று சாய்வுகளையும் கூட்டிப் பாருங்கள். பூச்சியம் வரும். மூன்று y-களின் கூடுதலும் பூச்சியம்தான், ஏனென்றால் சமன்பாட்டில் y² உறுப்பே இல்லை. கூடுதல் எந்த x-இலும் பூச்சியமாகவே இருப்பதால் அதன் மாற்ற வீதமும் பூச்சியம். கணக்குக்கு இது தேவையில்லை, அழகாக இருப்பதால் சொன்னேன்.

## அறிகுறி: சூத்திரம் புத்தகத்தில் உள்ளது போல இல்லை

(x² − 2y)/(2x − y²) என்று வந்திருந்தால் மேலும் கீழும் −1 ஆல் பெருக்கியதுதான், அதே விடை. இதில் பேச ஒன்றுமில்லை.

இதைவிடப் பெரிய வித்தியாசமும் வரலாம். ஒருவர் வகையிடும் முன்பு சமன்பாட்டை xy-ஆல் வகுத்து x²/y + y²/x = 6 என்று எழுதிக்கொண்டார் என்று வையுங்கள். தப்பில்லாமல் வகையிட்டுச் சுருக்கினால் அவருக்குக் கிடைப்பது:

y′ = y(y³ − 2x³) / (x(2y³ − x³))

நம் சூத்திரத்துக்கும் இதற்கும் முகச்சாயலே இல்லை. எப்படிக் காரணிப்படுத்தினாலும் ஒன்று மற்றொன்றாக மாறாது. ஆனால் நம் புள்ளியைப் போட்டால் இதுவும் 4/5. இரண்டும் சரி. வளைவின் மேலுள்ள புள்ளிகளில் மட்டும் இரண்டும் சமம். வளைவுக்கு வெளியே சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் x³ + y³ = 6xy என்பதையும் பயன்படுத்தியாக வேண்டும்.

ஆகவே இரண்டு சூத்திரங்களை ஒப்பிட வேண்டுமானால் ஏதோ இரண்டு எண்களைப் போட்டுப் பார்க்காதீர்கள். வளைவின் மேல் இருக்கும் புள்ளியைப் போட்டுப் பாருங்கள். அப்படிப் புள்ளிகள் வேண்டுமானால் இந்த வளைவுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. y = tx என்று போட்டால் x = 6t/(1 + t³), y = 6t²/(1 + t³). t = 1 போட்டால் (3, 3), t = 2 போட்டால் நம் புள்ளி. t = −1 தவிர எந்த t-யும் ஆகும்.

## அறிகுறி: 3/2 வருகிறது, சோதனையும் தோற்கிறது, ஆனால் எந்த வரியிலும் பிழை இல்லை

புள்ளியைப் பாருங்கள். (1, 2) என்று எடுத்திருப்பீர்கள். 1 + 8 = 9, ஆனால் 6 × 1 × 2 = 12. இந்தப் புள்ளி வளைவின் மேலேயே இல்லை.

சூத்திரம் உங்களை எச்சரிக்காது. (2y − x²)/(y² − 2x)-இல் x = 1, y = 2 போட்டால் 3/2 என்று ஓர் எண்ணைக் கூச்சமில்லாமல் தந்துவிடும். மேலே சொன்ன இரண்டாவது சூத்திரமோ அதே புள்ளியில் 4/5 தரும். இரண்டு சரியான சூத்திரங்கள் இரண்டு விடை தருகின்றன என்றால், புள்ளி வளைவில் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்த 3/2 அர்த்தமற்ற எண்ணும் அல்ல. x³ + y³ − 6xy = −3 என்ற வேறொரு வளைவு (1, 2) வழியே போகிறது, அதன் சாய்வுதான் அது. மாறிலி எதுவானாலும் வகையிடும்போது மறைந்துவிடுவதால், சூத்திரத்துக்கு நீங்கள் எந்த வளைவைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று தெரியாது. 4/5 தந்த சூத்திரம் x³ + y³ = 4.5xy என்ற வளைவைப் பற்றிப் பேசுகிறது. தேர்வுத்தாளில் புள்ளியின் ஒரு குறி அச்சுப்பிழையாகிவிட்டாலும் இதே நிலைதான். அதனால்தான் தொடக்கத்தில் அந்த ஒரு வரிச் சரிபார்ப்பு.

## அறிகுறி: பகுதி பூச்சியம்

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பகுதி மட்டும் பூச்சியமாகி, தொகுதி பூச்சியமாகாவிட்டால் தொடுகோடு நிலைக்குத்தானது. நம் வளைவில் y² = 2x என்பதைச் சமன்பாட்டில் போட்டால் y³ = 16 கிடைக்கும். y ≈ 2.52, x ≈ 3.17. இலையின் வலது ஓரம் அதுதான். சாய்வு இல்லை, தொடுகோடு இருக்கிறது: x ≈ 3.17. தொடுகோடே இல்லை என்று எழுதி மதிப்பெண்ணை இழக்க வேண்டாம்.

ஆதிப்புள்ளியில் நிலைமை வேறு. தொகுதியும் பகுதியும் சேர்ந்து பூச்சியம், 0/0. உங்கள் கையில் பிழை இல்லை. வளைவு அங்கே தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது, இரண்டு கிளைகள் ஒரே புள்ளி வழியே போகின்றன, ஆகவே ஒரே ஒரு சாய்வு என்று எதுவும் இல்லை. இந்த முறை இங்கே கையை விரித்துவிடும்.

ஆனாலும் தொடுகோடுகளைக் காணலாம். ஆதிப்புள்ளிக்கு மிக அருகில் x, y இரண்டும் சிறியவை. மூன்றாம் படி உறுப்புகள் இரண்டாம் படி உறுப்பைவிட மிகச் சிறியவை. மிகக் குறைந்த படியுள்ள 6xy-ஐ மட்டும் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் x = 0 அல்லது y = 0. இரண்டு அச்சுகளும்தான் இரண்டு தொடுகோடுகள்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு கிளையை மட்டும் பின்தொடருங்கள். x அச்சை ஒட்டிப் போகும் கிளையில் y³ புறக்கணிக்கத்தக்கது, ஆகவே x³ ≈ 6xy, அதாவது y ≈ x²/6. இதைச் சூத்திரத்தில் போட்டால் தொகுதி x²/3 − x² = −2x²/3. பகுதியில் y² உறுப்பைத் தள்ளிவிட்டால் −2x. ஈவு x/3. x பூச்சியத்தை நெருங்கும்போது சாய்வும் பூச்சியத்தை நெருங்குகிறது. y ≈ x²/6 என்பதை நேரடியாக வகையிட்டாலும் x/3 தான். மற்றக் கிளைக்கு சமச்சீர் மீதியைச் சொல்லிவிடும்.

## அறிகுறி: தொடுகோட்டுச் சமன்பாட்டில் x², y² வருகின்றன

y − 8/3 = [(2y − x²)/(y² − 2x)]·(x − 4/3) என்று எழுதிவிட்டீர்கள். சாய்வின் இடத்தில் எண் வர வேண்டும், சூத்திரம் அல்ல. 4/5 என்று போட்டால்:

y − 8/3 = (4/5)(x − 4/3)

4x − 5y + 8 = 0

தொடுகோடு என்பது நேர்கோடு. x², xy போன்ற எதுவும் இறுதி வரியில் நின்றால் பதிலீடு செய்யாமல் விட்டிருக்கிறீர்கள்.

## அறிகுறி: தொடுகோடு வளைவை இன்னோர் இடத்தில் வெட்டுகிறது

வரைபடத்தில் கோட்டை இடப்பக்கம் நீட்டியதும் அது வளைவின் வாலை வெட்டுவதைப் பார்த்து, விடை தப்பு என்று அழித்துவிடுகிறார்கள். வட்டத்துக்குத் தொடுகோடு ஒரே இடத்தில்தான் தொடும் என்று பத்தாம் வகுப்பில் படித்தது மனத்தில் தங்கியிருப்பதால் வரும் சந்தேகம் இது. முப்படி வளைவுக்கு அந்த விதி இல்லை.

y = (4x + 8)/5 என்பதை வளைவின் சமன்பாட்டில் போட்டுச் சுருக்குங்கள்.

189x³ − 216x² − 432x + 512 = 0

இதைக் காரணிப்படுத்தினால்:

(3x − 4)²(21x + 32) = 0

x = 4/3 இரண்டு முறை வருகிறது. கோடு அந்த இடத்தில் வளைவைத் தொடுகிறது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று இல்லை. பக்கத்துப் புள்ளிச் சோதனை தோராயம், இது துல்லியம். சாய்வு 7/8 என்று எடுத்திருந்தால் (3x − 4) ஒரு முறை மட்டும் வரும், வர்க்கமாக வராது. மூன்றாவது மூலம் x = −32/21, அங்கே y = 8/21. வாலை வெட்டும் இடம் அதுதான். அங்கே கோடு வளைவைத் தொடவில்லை, வெட்டிக்கொண்டு போகிறது.